ஒரு ஏக்கர் மீன் குளம்: விரலளவுக் குஞ்சா, வளர்ந்த குஞ்சா?

வேலூர், குடியாத்தம், கே.வி.குப்பம், அணைக்கட்டு பக்கம் போர் தண்ணீரை நம்பி மீன் குளம் வெட்டுகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "என்ன மீன் விடலாம்?" என்பதுதான். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் நம் தண்ணீருக்கும் நம் மார்க்கெட்டுக்கும் பழகியவை, அதில் பெரிய குழப்பம் இல்லை. லாபத்தை முடிவு செய்வது வேறொரு கேள்வி: எந்த அளவுக் குஞ்சை எந்த மாதத்தில் விடுவது? விரலளவுக் குஞ்சை ஆவணியில் விட்டு ஒன்பது மாதம் வளர்க்கலாம். அல்லது 150 கிராம் வந்த குஞ்சைக் கார்த்திகையில் விட்டு ஆறு மாதத்தில் பிடிக்கலாம். வியாபாரிகள் இந்த இரண்டாவதை 'ஸ்டண்டட் குஞ்சு' என்பார்கள். நெருக்கமாக, குறைந்த தீவனத்தில் ஓராண்டு வைத்திருந்த குஞ்சு அது. அகலமான குளத்தில் விட்டதும் தடுத்து வைத்திருந்த வளர்ச்சியெல்லாம் சேர்ந்து வேகமாகப் பருக்கும்.

இரண்டு வழியிலும் குளம் ஒரு ஏக்கர், ஆழம் ஒன்றரை மீட்டர், தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் கிடையாது என்று வைத்துக்கொண்டு பார்ப்போம்.

விற்கும் நாளிலிருந்து பின்னோக்கி

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாட்களில் வேலூர் மார்க்கெட்டில் கடல் மீன் குறையும், விலை ஏறும், குளத்து மீனை வழக்கமாக வாங்காதவர்களும் கேட்பார்கள். ஆனால் தடை தொடங்கியதுமே விலை கிடைத்துவிடும் என்று எண்ணக்கூடாது. மாசி, பங்குனியில் நம் ஏரிகள் வற்றத் தொடங்கும்போது குத்தகைதாரர்கள் ஏரி மீனை மொத்தமாக வாரிக்கொண்டு வருவார்கள். சித்திரை நடுவரைக்கும் அந்த வரத்து இருக்கும். அது ஓய்ந்து, கடல் மீனும் இல்லாத இடைவெளி வைகாசி மாதம், அதாவது மே நடுவிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை. குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, சுற்றுப்பட்டு ஊர்களிலெல்லாம் வீட்டுக்கு வீடு உறவு கூடும் நேரம். அந்த வட்டாரத்தில் குளம் வைத்திருப்பவர் இந்த வாரத்தைக் குறி வைக்கலாம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. புரட்டாசியில் பாதி வீடுகளில் கவுச்சி இல்லை. கார்த்திகை, மார்கழியில் மாலை போட்ட வீடுகள் வாங்காது. காணும் பொங்கல் அன்று ஒரு பெரிய கிராக்கி வந்து இரண்டு நாளில் தணிந்துவிடும். பிறகு ஏரி மீன் வரத்து.

ஆக, பொதுவான குளத்துக்கு இலக்கு வைகாசி. அந்த மாதம்தான் வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டி நிற்கும் மாதம், போர் தண்ணீர் இறங்கும் மாதம். நல்ல விலையும் மோசமான தண்ணீரும் ஒரே சமயத்தில் வருவதுதான் இங்கே திட்டம் போடுகிறவருக்கு உள்ள சங்கடம்.

மே மாதத் தண்ணீர்க் கணக்கு

குஞ்சுக்கு முன்பணம் கொடுக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டே ஆக வேண்டும். மே மாதத்தில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளுக்குச் சுமார் 8 மில்லிமீட்டர் ஆவியாகும். ஒரு ஏக்கருக்கு அது 32,000 லிட்டர். நம் செம்மண் நிலத்தில் அதோடு கசிவும் சேரும். கசிவை அளக்கச் சுலபமான வழி இருக்கிறது. குளத்தில் ஒரு குச்சியை நட்டு, மாலை இருட்டும் நேரம் நீர்மட்டத்தில் ஆணியால் கீறிவிடுங்கள். பன்னிரண்டு மணி நேரம் கழித்து விடியலில் மீண்டும் கீறுங்கள். இரவில் ஆவியாவது குறைவு என்பதால், இறங்கியது பெரும்பாலும் கசிவுதான். அதை இரண்டால் பெருக்கினால் நாள் கசிவு. 5 மில்லிமீட்டர் என்று வந்தால் இன்னொரு 20,000 லிட்டர். மொத்தம் நாளுக்கு 52,000 லிட்டர்.

மணிக்கு 10,000 லிட்டர் தரும் போர் என்றால் தினமும் ஐந்தேகால் மணி நேரம் ஓட வேண்டும், அதுவும் மட்டத்தை அப்படியே பிடித்து வைக்க மட்டும். உங்கள் போர் மே மாதத்தில் என்ன தரும் என்பதைக் கேளுங்கள், மார்கழியில் என்ன தருகிறது என்பதை அல்ல. மே மாதத்தில் இரண்டு மணி நேரத்தில் காற்று வாங்குகிற போர் என்றால், இந்தக் கட்டுரையின் இரண்டு வழியுமே ஒரு ஏக்கருக்கு ஒத்துவராது. அப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்த குஞ்சை ஆடிக் கடைசியில் விட்டுக் காணும் பொங்கலுக்குக் காலி செய்வதே சரி.

கசிவு 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் முதலில் குளத்தடியைச் சரிசெய்ய வேண்டும். வட்டாட்சியர் அனுமதியோடு ஏரி வண்டல் எடுத்து, அரை அடிக்குக் குறையாமல் பரப்பி, ஈரத்தில் சேறடித்து மிதிக்க வேண்டும். பாலாற்றை ஒட்டி ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் பதனிடும் கழிவு இறங்கிய நிலத்தடி நீர் இருக்கும் இடங்களில், குளம் வெட்டும் முன்பே தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்து உப்பு அளவும் குரோமியமும் பாருங்கள். அந்தத் தண்ணீருக்குக் குளத்தில் வைத்தியம் கிடையாது.

குளத் தயாரிப்பு இரு வழிக்கும் ஒன்றே, மாதம்தான் வேறு

கடைசிப் பிடிப்பு முடிந்ததும் தண்ணீரை இறைத்து, தரை பாளம் பாளமாக வெடிக்கும்வரை காயவிட வேண்டும். கால் வைத்தால் கறுப்புச் சேறு கணுக்கால் வரை ஏறுகிற இடங்களில் அந்தச் சேற்றை வாரி எடுத்துத் தென்னைக்குப் போடுங்கள். போன பருவத்தில் மீன் தின்னாத தீவனமெல்லாம் அங்கேதான் கிடக்கிறது. அடுத்த மே மாதத்தில் விஷ வாயுவாக வெளியே வருவதும் அதுதான்.

சுண்ணாம்பு ஏக்கருக்கு 80 முதல் 100 கிலோ. நம் போர் தண்ணீர் பல இடங்களில் ஏற்கெனவே காரமாகவும் கடினமாகவும் இருப்பதால், கார அமில நிலை 8-ஐத் தாண்டிய இடத்தில் முழு அளவு போடத் தேவையில்லை. காயாமல் ஈரம் நிற்கும் பள்ளங்களில் மட்டும் தூவினால் போதும். ஒரு வாரம் கழித்து ஒரு டன் மாட்டுச் சாணத்தைக் கரைத்து விட்டுத் தண்ணீர் ஏற்றுங்கள். பத்து நாளில் தண்ணீர் இளம்பச்சைக்கு வரும். கையை முழங்கை வரை முக்கிப் பார்த்தால் உள்ளங்கை மங்கலாகத் தெரிய வேண்டும். பளிச்சென்று தெரிந்தால் உரம் போதவில்லை. மணிக்கட்டு முங்கியதுமே மறைந்தால் பாசி அதிகம், சாணத்தை நிறுத்துங்கள்.

குளத்தை வற்ற வைக்கவே முடியாது என்றால், பழைய கெளுத்தி, விரால், ஜிலேபி எல்லாவற்றையும் கொன்றாக வேண்டும். அதற்கு இலுப்பைப் பிண்ணாக்கு ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஏக்கருக்கு ஒரு டன். அதன் நஞ்சு தணிய மூன்று வாரம் ஆகும், பிறகு அதுவே உரமாகிவிடும். செலவு கூடுதல்தான். ஆனால் இந்த வட்டாரத்தில் ஜிலேபியை விட்டுவைத்தால் வரும் நட்டம் அதைவிடப் பெரிது. அது இரண்டு மூன்று மாதத்தில் குஞ்சு பொரிக்கத் தொடங்கிவிடும், நீங்கள் போடும் தீவனத்தில் பங்கு கேட்கும். ஓடைத் தண்ணீர் உள்ளே வரும் வாயில் நைலான் வலையை இரண்டு மடிப்பாகக் கட்டாத குளத்தில் ஜிலேபி வராமல் இருந்ததில்லை.

தயாரிப்பில் இரண்டு வழிக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே ஒன்று. விரலளவுக் குஞ்சு விட ஆவணிக் கடைசியிலேயே குளத்தில் ஒரு மீட்டர் தண்ணீர் நிற்க வேண்டும். அது 40 லட்சம் லிட்டர், அதே போரில் 400 மணி நேர ஓட்டம். ஆடி, ஆவணியில் மழை உண்டு என்றாலும் நிலத்தடி நீர் அப்போது ஏறியிருக்காது. கார்த்திகையில் விடுகிறவர் ஐப்பசி மழைக்குக் காத்திருக்கலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். 300 மில்லிமீட்டர் மழை குளத்தின் மேல் நேராக விழுந்தால் ஒரு அடிதான் ஏறும். மேட்டுத் தண்ணீர் ஓடி வந்து சேர வாய்க்கால் இருந்தால்தான் மழை குளத்தை நிரப்பும்.

எண்ணிக்கையும் எடையும்

விலைகளைக் கணக்குக்காக எடுத்துக்கொள்கிறோம், உங்கள் ஊர் விலையை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள். மிதவைத் தீவனம் கிலோ 48 ரூபாய், விரலளவுக் குஞ்சு 3 ரூபாய், 150 கிராம் குஞ்சு 20 ரூபாய்.

முதல் வழியில் வழக்கமாக ஏக்கருக்கு 4,000 விரலளவுக் குஞ்சு விடுவார்கள். முக்கால் பங்கு பிழைத்தால் 3,000 மீன். ஏரேட்டர் இல்லாத குளம் தாங்குவது கிலோவைத்தான், எண்ணிக்கையை அல்ல. அதனால் ஒன்பது மாதத்தில் சராசரி 600 கிராமோடு நின்றுவிடும். மொத்தம் 1,800 கிலோ. ஒரு கிலோ மீனுக்கு 1.6 கிலோ தீவனம் என்ற விகிதத்தில் 2,880 கிலோ, 1,38,240 ரூபாய். சிறிய மீன் என்பதால் கரையில் 110 ரூபாய்க்குப் போனால் வரவு 1,98,000. குஞ்சுச் செலவு 12,000-ஐயும் கழித்தால் கையில் நிற்பது 47,760.

இரண்டாவது வழியில் 2,000 குஞ்சு: ரோகு 1,000, கட்லா 600, மிர்கால் 400. பெரிய குஞ்சைக் கொக்கும் தண்ணீர்ப் பாம்பும் எளிதில் தூக்காது, நூற்றுக்கு 92 தங்கும். 1,840 மீன், சராசரி 900 கிராம், மொத்தம் 1,656 கிலோ. இதில் 300 கிலோ நீங்கள் விலைக்கு வாங்கிவிட்ட எடை, அதற்குத் தீவனக் கணக்கு இல்லை. கூடிய 1,356 கிலோவுக்குத் தீவனம் 2,170 கிலோ, 1,04,160 ரூபாய். குஞ்சு 40,000. ஒரு கிலோவை ஒட்டிய மீனுக்கு 140 ரூபாய் கிடைத்தால் வரவு 2,31,840, கையில் 87,680.

இந்த 40,000 ரூபாய் வித்தியாசத்தைப் பார்த்து உடனே முடிவெடுக்க வேண்டாம். பெரிய மீனுக்கும் அதே 110 ரூபாய்தான் என்று வியாபாரி சொன்னால் இரண்டாவது வழியில் 38,000 ரூபாய்தான் மிஞ்சும், முதல் வழியே மேல். கிலோ 116 ரூபாயில் இரண்டும் சமம். ஆக, பெரிய மீனுக்குக் கிலோவுக்கு ஆறு ரூபாய்க்கு மேல் கூடுதல் உண்டா என்று மார்க்கெட்டில் முதலிலேயே விசாரியுங்கள்.

இன்னொரு நியாயமான கேள்வி: விரலளவுக் குஞ்சையே குறைத்து விட்டால் என்ன? 2,500 விட்டால் 1,875 பிழைத்து, இடம் தாராளமாக இருப்பதால் 800 கிராம் வரும். 1,500 கிலோவை 130 ரூபாய்க்கு விற்று, தீவனம் 1,15,200, குஞ்சு 7,500 போக 72,300 நிற்கும். வளர்ந்த குஞ்சோடு வித்தியாசம் 15,000 ரூபாய்தான். மோர்தானா வாய்க்கால் பாசனத்தில் இருப்பவர், ஏரிக்குக் கீழே ஊறும் கிணறு உள்ளவர், ஆவணியில் தண்ணீருக்குக் கவலைப்படாதவர் இதைத் தேர்ந்தெடுப்பதில் தவறே இல்லை. முதலில் போடும் பணமும் குறைவு. இதில் உள்ள உண்மையான குறை, எத்தனை குஞ்சு உயிரோடு இருக்கிறது என்பது மூன்று மாதத்துக்குத் தெரியாது என்பதே. 1,875 என்று நினைத்துத் தீவனம் போடுவோம், உள்ளே 1,300 இருக்கும், மிச்சம் சேற்றில் அழுகும். போரை மட்டும் நம்பிய குளத்துக்கு எங்கள் தேர்வு வளர்ந்த குஞ்சுதான். தண்ணீரைக் காக்க வேண்டியது ஒன்பது மாதம் அல்ல, ஆறு மாதம்.

ஆனால் லாரியில் வரும் பெரிய குஞ்சில் செதில் உதிர்ந்ததும் அடிபட்டதும் இருக்கும். வந்ததில் 50 குஞ்சை எண்ணிக் குளத்திலேயே ஹாப்பா என்னும் பெட்டி போன்ற வலைக்கூண்டில் மூன்று நாள் வைத்துப் பாருங்கள். அதில் எத்தனை செத்ததோ அதே விகிதத்தில் குளத்திலும் செத்திருக்கும் என்று எடுத்துக்கொண்டு தீவனக் கணக்கைத் திருத்துங்கள். எல்லாப் பிணமும் மேலே மிதந்து காட்டிக்கொடுப்பதில்லை.

இரண்டாம் ஆண்டிலிருந்து குஞ்சையும் நீங்களே வைக்கலாம். பக்கத்தில் பத்து சென்ட் குட்டை, அதில் ஆவணியில் 3,500 விரலளவுக் குஞ்சு, அடுத்த கார்த்திகை வரை தவிடும் பிண்ணாக்கும் உடம்பு எடையில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில். மே மாதத்தில் அந்தக் குட்டைக்குத் தேவை நாளுக்கு 5,200 லிட்டர்தான். 2,000 குஞ்சு தேறினால் லாரிக்குஞ்சின் 40,000 ரூபாயில் பெரும்பகுதி மிச்சம்.

தவிடு பிண்ணாக்கா, மிதவைத் தீவனமா?

தவிடும் கடலைப் பிண்ணாக்கும் கலந்தது கிலோ 25 ரூபாய் என்றால் மலிவாகத் தெரியும். ஆனால் ஒரு கிலோ மீனுக்கு அது மூன்று கிலோ பிடிக்கும், 75 ரூபாய். மிதவைத் தீவனம் 1.6 கிலோ, 77 ரூபாய். கிட்டத்தட்ட சமம்தான். கலவை விலையை 1.9-ஆல் பெருக்கிப் பாருங்கள். மிதவைத் தீவனம் அதைவிட மலிவாகக் கிடைத்தால் அதை வாங்குங்கள், அதிகமானால் கலவை.

பணம் சமமாக இருந்தாலும் தண்ணீர் சமமாக இல்லை. கலவையில் 1,356 கிலோ மீனுக்கு நாலு டன் சரக்கு குளத்தில் இறங்குகிறது. மார்கழி, தையில் தண்ணீர் நிறைய இருக்கும்போது குளம் அதைச் செரித்துவிடும், சித்திரையில் செரிக்காது. அதனால் பாதிப் பருவம் வரை கலவை, மாசிக்குப் பிறகு மிதவைத் தீவனம் என்று பிரிப்பது இந்த வெயிலுக்குப் பொருந்தும். கலவையை வாரி இறைக்காதீர்கள். உரச்சாக்கின் அடியில் இரண்டு வரிசை ஓட்டை போட்டு, ஏக்கருக்குப் பத்து மூங்கில் நட்டுக் கட்டித் தொங்கவிடுங்கள். மீன் வந்து ஓட்டையில் வாய் வைத்து உறிஞ்சும்போது மூங்கில் லேசாக ஆடும். மூன்று மணி நேரம் கழித்துச் சாக்கைத் தூக்கிப் பாருங்கள், மிச்சம் இருந்தால் மறுநாள் அந்த அளவைக் குறையுங்கள்.

தீவன அளவு, மீன் 300 கிராம் வரும்வரை மொத்த எடையில் நூற்றுக்கு மூன்று, அரைக்கிலோவில் இரண்டு, 700 கிராமுக்கு மேல் ஒன்றரை. மார்கழிக் குளிரில் கால் பங்கு குறைத்துவிடுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீச்சு வலை போட்டு 30 மீனை எடை பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, பதினைந்து நாளில் 210 கிலோ மிதவைத் தீவனம் போட்டீர்கள், சராசரி 250-லிருந்து 320 கிராம் ஆனது. 1,900 மீனுக்கு 133 கிலோ கூடியிருக்கிறது, விகிதம் 1.58, சரியாகப் போகிறது. அதுவே 295 கிராம்தான் என்றால் விகிதம் 2.5. அப்போது வலையில் விரல் நீள ஜிலேபி துள்ளுகிறதா என்று பாருங்கள். தீவனம் மட்டும் தீர்ந்து கெண்டை பருக்காவிட்டால் பெரும்பாலும் அதுதான் காரணம். ஜிலேபி இல்லை, தீவனமும் மிதந்து நிற்கிறது என்றால் மீன் எண்ணிக்கையே குறைந்திருக்கும்.

சித்திரைக்குப் பிறகு

கோடை மழை பெய்த மறுநாள் விடியற்காலைதான் ஆபத்தான நேரம். வெந்த மேல்தண்ணீர் திடீரெனக் குளிர்ந்து கீழே இறங்கும், அடிச்சேற்று வாயு மேலே வரும். நாலு மணிக்குக் கரையில் நின்றால் மீன் வாயைத் தண்ணீருக்கு மேல் வைத்து 'பொளக் பொளக்' என்று காற்று குடிக்கும் சத்தம் கேட்கும். கல்லெறிந்தால் கலைந்து உள்ளே போகும் மீன் தப்பிக்கும், கலையாமல் கிடந்தால் நேரம் குறைவு. மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை உயரத்திலிருந்து தகரத்தில் அடித்துச் சிதறவிடுங்கள். போர் தண்ணீரில் உயிர்வாயு இல்லை, குழாயை அப்படியே குளத்துக்குள் விட்டால் பயனில்லை. அன்றைக்குத் தீவனம் போடக்கூடாது.

இந்த ஆபத்தைக் குறைக்கவே மொத்தப் பிடிப்பை மூன்றாகப் பிரிக்கச் சொல்கிறோம். ஏப்ரல் கடைசியில் கிலோவை எட்டிய கட்லாவை மட்டும் ஒரு 300, 400 எடுத்துவிடுங்கள். ஏரி மீன் வரத்தால் அப்போது விலை பத்து ரூபாய் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. மட்டம் இறங்கும் குளத்தில் பாரம் குறைகிறது, மிச்சம் பருக்க இடம் கிடைக்கிறது. இரண்டாவது பிடிப்பு வைகாசி முதல் வாரம். கடைசிப் பிடிப்பு ஜூன் 10-க்குள், 14-க்குப் பிறகு படகு கடலுக்குப் போய்விடும். ஆடியில் அம்மன் கோயில் கூழுக்குக் கிராக்கி வரும் என்று நிறுத்தி வைக்கிறவர்கள், கூடுதல் நாற்பது நாளுக்கு நாள் 20 கிலோ தீவனமும் ஐந்து மணி நேர மோட்டாரும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பிடிப்பதற்கு முந்தைய நாள் தீவனம் போடாதீர்கள், வயிறு நிறைந்த மீன் சீக்கிரம் கெடும். வலையை விடியலிலேயே இழுத்துவிடுங்கள். மொத்த வியாபாரி சொல்லும் விலை ஆந்திராவிலிருந்து ஐஸில் வரும் கட்லா, ரோகு விலையை வைத்துத்தான் இருக்கும். உயிரோடு துள்ளும் மீனுக்கு அந்த விலையை ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. பிடிப்பில் 100, 150 கிலோவையாவது கரையிலேயே சில்லறையாக எடை போட்டுக் கொடுங்கள், மிச்சத்தை மட்டும் சம எடை ஐஸில் அடுக்கி அனுப்புங்கள். எடைக்குக் கழிவு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை வலை இறக்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். மீன் கரையில் கிடக்கும்போது பேசினால் விற்பவர் பக்கம் எதுவும் நிற்காது.